வாழைநாரை பனியன் கம்பெனி வாங்குமா?

‘எங்களுக்கு மடத்துக்குளம் பக்கம் ஒரு ஏக்கர் வாழை இருக்கிறது. தார் வெட்டிய மரங்களில் நார் எடுத்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு விற்க முடியுமா? மெஷின் வாங்கலாமா?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பனியன் துணிக்காக என்றால், மெஷின் வாங்க வேண்டாம். பின்னலாடை மெஷினில் கொக்கி ஊசியைச் சுற்றி நூல் வளைந்து வளைந்து போக வேண்டும். பஞ்சு நூல் வளையும். வாழைநாரோ தடித்து, விறைப்பாக இருக்கும், வளைத்தால் ஒடியும். பசை நீக்கி, மென்மையாக்கி, பஞ்சோடு கலந்து நூற்பது ஆலை வேலை. சென்னை அனகாபுத்தூரில் வாழைநார் கலந்து புடவை நெய்கிறார்கள் என்றால், அது கைத்தறி. அங்கே நார் ஊடையாக நேராகப் போகிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பச்சை மரத்தின் எடையில் சுமார் ஒரு சதவிகிதம்தான் காய்ந்த நார். 20 கிலோ மரத்துக்கு 200 கிராம். ஏக்கருக்கு 1,000 மரம் என்றால், 20 டன் அறுத்துப் போட்டு 200 கிலோ கிடைக்கும்.

மெஷின் இல்லாமல் தொடங்க, பட்டைக் கயிறு நல்ல வழி. மதுரை மாவட்டம் மேலக்கால் முருகேசன், காய்ந்த வாழைப்பட்டையைக் கயிறாகத் திரிக்க, சைக்கிள் சக்கர ரிம்மைக் கொண்டு கருவி செய்தார். அந்தக் கயிறில் கூடை, பை பின்னுகிறார்கள்.

தார் வெட்டிய ஓரிரு நாளில் மரத்தை அறுத்து, கறை வடிய நிறுத்தி வையுங்கள். பிறகு பட்டைகளை உரித்து, நீளவாக்கில் கிழித்து, வெயிலில் காய வையுங்கள். சரக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பட்டைக்குள் தேன்கூடு போல அறைகள் உண்டு. மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கொஞ்சம் பட்டையை பாலித்தீன் பையில் கட்டி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பைக்குள் வேர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும். அப்படியே கட்டி அடுக்கினால் கரும்பூசணம் பிடிக்கும். அந்தக் கறை போகாது. திரிக்கும்போது மட்டும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், இல்லையென்றால் பட்டை வெடிக்கும். திரித்த கயிறை மறுபடி காய வைத்துத்தான் சுருட்ட வேண்டும்.

தண்டு துளைப்பான் வண்டு குடைந்த மரத்தில் ஓட்டையும் பிசினும் தெரியும். அதன் பட்டை இடையிடையே அறுந்துபோகும், ஒதுக்கிவிடுங்கள். வாடல் நோய் கண்ட மரத்தைத் தோட்டத்தைவிட்டு வெளியே கொண்டுபோகவே கூடாது. பட்டை உரித்த பின் மிஞ்சும் நடுத்தண்டை நறுக்கித் தோட்டத்திலேயே போடுங்கள். அதிலுள்ள சாம்பல் சத்து மறுதாம்புக்குப் போகும்.

முதலில் பத்து மரத்தில் செய்து பாருங்கள். ஒரு கிலோ கயிறு திரிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். கடைக்காரர் சொல்லும் விலையில் அந்த நேரத்துக்கு உங்கள் ஊர்க் கூலி கட்டுகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். நார் எடுக்கும் மெஷினைப் பற்றி அறிய, திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை நேரில் அணுகலாம்.