சாவி வாங்கி எட்டு மாதம்: வழக்கறிஞரிடம் இருக்கும் 5 விழுக்காடு யார் கைக்குப் போகிறது?

புதிய தாமானில் சாவி கொடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வரத் தொடங்கும். மேல்மாடிக் குளியலறைக்கு நேர்கீழே சீலிங்கில் மஞ்சள் கறை. மழை பெய்தால் சன்னல் ஓரமாகச் சுவரில் வழியும் தண்ணீர். தட்டினால் வெற்று ஒலி கேட்கும் தரை ஓடுகள். படங்களுக்குக் கீழே வரும் பேச்சும் பெரும்பாலும் ஒன்றுதான்: “பாரம் எழுதிக் கொடுத்தாச்சு, வந்து படம் பிடிச்சிட்டுப் போனாங்க, அப்புறம் ஆளையே காணோம்.”

தோட்ட லயத்தில் பிறந்து, சேமநிதிப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டி, முப்பது முப்பத்தைந்து ஆண்டு வங்கிக் கடனுக்குக் கையெழுத்திட்டு வாங்கிய முதல் வீடு. அதில் ஒழுக்கு என்றால் கோபம் வரத்தான் செய்யும். கோபத்தில் சிலர், “பழுதைச் சரிசெய்தால்தான் மீதிப் பணம்” என்று மேம்பாட்டாளரிடம் சொல்லிவிடுகிறார்கள். இது ஆபத்தான பேச்சு. ஒப்பந்தப்படி வரும் தவணையை வாங்குபவர் தன்னிச்சையாக நிறுத்தினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு தாமத வட்டி அவர் தலையில் ஏறும். சாவியும் கைக்கு வராமல் நிற்கலாம்.

உண்மையில் இப்படிச் சண்டை போட்டு எதையும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. பணத்தின் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டைச் சட்டமே செய்து வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் நேரடியாக வீடு வாங்குவோர் கையெழுத்திடும் விற்பனை ஒப்பந்தம் 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒன்று. அதன் வாசகத்தை மேம்பாட்டாளர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நில வீட்டுக்கு ‘அட்டவணை ஜி’, அடுக்குமாடிக்கு ‘அட்டவணை எச்’. இரண்டிலும் பணம் கட்டும் பட்டியலின் கடைசி வரிசையில் 5 விழுக்காடு தனியாக நிற்கும்.

அந்த 5 விழுக்காடு சாவி ஒப்படைக்கும்போது கட்டப்படுகிறது. ஆனால் மேம்பாட்டாளருக்குப் போவதில்லை. மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் அதை இரு தரப்புக்கும் பொதுவான பொறுப்பாளராக வைத்திருப்பார். சாவி பெற்ற நாளிலிருந்து எட்டு மாதம் முடிந்ததும் பாதி, 24 மாதம் முடிந்ததும் மறுபாதி மேம்பாட்டாளருக்கு விடுவிக்கப்படும். அந்த 24 மாதம்தான் பழுதுக்கு மேம்பாட்டாளர் பொறுப்பேற்கும் காலமும்.

கடன் வாங்கியவர்களுக்கு வங்கியே இதைக் கட்டிவிடுவதால், இப்படி ஒரு பணம் தங்கள் பெயரில் ஓரிடத்தில் காத்திருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. “லோயர் ஃபீஸ் இலவசம்” என்ற சலுகையில் வாங்கியவர்கள், கையெழுத்து வாங்கிய வழக்கறிஞர் யாருடைய வழக்கறிஞர் என்றுகூடக் கேட்பதில்லை. அந்த அலுவலகத்தின் பெயரும் முகவரியும் ஒப்பந்தத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் இந்த ஏற்பாட்டின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வீட்டில் பழுது இருக்கிறது என்பதற்காகப் பணம் தானாக நிற்காது. எட்டாவது மாதம் முடிவதற்குள் பழுதுக் கடிதத்தின் நகல் வழக்கறிஞர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தால், பழுது சரிசெய்யப்பட்டது என்று மேம்பாட்டாளரின் கட்டடக் கலைஞர் கையெழுத்திட்ட சான்றிதழ் வரும்வரை அவர் அந்தப் பாதியை விடுவிக்கக் கூடாது. சேராவிட்டால், அவரைப் பொறுத்தவரை வீட்டில் பழுதே இல்லை. பணம் போய்விடும். தள அலுவலகத்தில் கொடுத்த பாரமும், மேம்பாட்டாளரின் செயலியில் பதிந்த புகாரும் வழக்கறிஞர் மேசைக்குப் போவதில்லை.

ஒரு கணக்கோடு பார்ப்போம். வீட்டின் விலை 400,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 5 விழுக்காடு 20,000 ரிங்கிட். சாவி பெற்ற நாள் 2025 மார்ச் 3. அப்படியானால் முதல் 10,000 ரிங்கிட்டுக்கு நவம்பர் 3 எல்லை. அடுத்த 10,000 ரிங்கிட்டுக்கு 2027 மார்ச் 3.

குடும்பம் ஆகஸ்டில் குடியேறுகிறது. மேல்மாடிக் குளியலறை ஒழுகுகிறது, வரவேற்பறையில் பதினான்கு ஓடுகள் வெற்று ஒலி தருகின்றன, பின்னறைச் சன்னலில் மழைநீர் இறங்குகிறது. இவற்றை ஒவ்வொன்றாக, எந்த அறை, எந்தச் சுவர், என்ன பழுது என்று எழுதி, படங்களுடன் மேம்பாட்டாளருக்குக் கடிதம் அனுப்புகிறார்கள். அதே நாளில் அதன் நகல் வழக்கறிஞருக்கும் போகிறது. இரண்டும் செப்டம்பர் 12ஆம் தேதி போய்ச் சேர்கின்றன. பதிவு அஞ்சல் ரசீது வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வழக்கறிஞருக்குப் போகும் நகலோடு ஒரு பக்கக் கடிதம் இணைப்பது நல்லது. அதில் தொகையும் நிபந்தனையும் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஏறக்குறைய இப்படி எழுதலாம்: “இன்ன மனை எண் வீட்டுக்காகத் தாங்கள் வைத்திருக்கும் தொகையில், 2025 நவம்பர் 3ஆம் தேதி விடுவிக்கப்பட வேண்டிய 10,000 ரிங்கிட்டை மேம்பாட்டாளருக்கு விடுவிக்க வேண்டாம். இணைப்பில் உள்ள மூன்று பழுதுகளும் சரிசெய்யப்பட்டு, அவற்றைக் குறிப்பிட்டுக் கட்டடக் கலைஞரின் சான்றிதழ் வந்த பிறகே விடுவிக்கலாம். சான்றிதழ் கிடைத்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.” மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுதினால் போதும், மொழிநடை முக்கியமில்லை. “வீடு சரியில்லை, பணம் கொடுக்காதீர்கள்” என்று மட்டும் எழுதினால்தான் சிக்கல். எந்தப் பணம், எது நடந்தால் விடலாம் என்பது அதில் இல்லை.

கடிதம் கிடைத்ததிலிருந்து மேம்பாட்டாளருக்கு 30 நாள் அவகாசம். அக்டோபர் 12 கடந்தும் ஆள் வரவில்லை. குடும்பம் ஒரு குத்தகையாளரை அழைத்து எழுத்துப்பூர்வமாக விலை வாங்குகிறது: 6,800 ரிங்கிட். உடனே வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. பலர் சறுக்குவது இந்தப் படியில்தான். செலவு இவ்வளவு, நாங்களே செய்யப்போகிறோம் என்று மேம்பாட்டாளருக்கு இரண்டாவது கடிதம் அனுப்பி, அவரே வந்து செய்ய இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும். இப்போதைய அட்டவணைப்படி அதற்கும் 30 நாள். பழைய ஒப்பந்தங்களில் நாள் கணக்கு வேறாக இருக்கலாம், கையில் உள்ளதைப் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கடிதம் அக்டோபர் 15ஆம் தேதி சேர்ந்தால் அவகாசம் நவம்பர் 14இல் முடியும்.

நடுவே நவம்பர் 3 வந்து போய்விடுகிறது. ஆனால் செப்டம்பரிலேயே நகல் வழக்கறிஞரிடம் சேர்ந்துவிட்டதால் 10,000 ரிங்கிட் அசையாமல் இருக்கிறது. நவம்பர் 17ஆம் தேதி குத்தகையாளர் வேலையைத் தொடங்குகிறார். விலைப்பட்டியல், ரசீது, இரண்டு கடிதங்கள் ஆகியவற்றை இணைத்து, வைப்பில் உள்ள தொகையிலிருந்து 6,800 ரிங்கிட்டைத் தங்களுக்குத் தருமாறு வழக்கறிஞரிடம் குடும்பம் எழுத்தில் கேட்கிறது. மிச்சம் 3,200 ரிங்கிட் மேம்பாட்டாளருடையது.

பக்கத்து வீட்டிலும் அதே ஒழுக்கு. அவர் தள அலுவலகத்தில் நான்கு முறை புகார் செய்தார், வழக்கறிஞருக்கு எதுவும் அனுப்பவில்லை. நவம்பர் 3க்குப் பிறகு அவருடைய முதல் 10,000 ரிங்கிட் மேம்பாட்டாளருக்குப் போய்விடும். பழுதுபார்க்கச் சொல்லும் உரிமை அவருக்கு இன்னும் உண்டு, அது 24 மாதம் வரை நிற்கும். மேம்பாட்டாளரை வரவைக்கும் பிடி பாதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. பணத்தை விடுவிக்கும் சான்றிதழைத் தருபவர் மேம்பாட்டாளரின் கட்டடக் கலைஞர். வீட்டுக்காரரின் கையெழுத்துக்கு அங்கே இடமில்லை. வேலையாட்கள் சீலிங் கறையின் மீது வெள்ளைச் சாயம் அடித்துவிட்டுப் போனாலும் ‘சரிசெய்யப்பட்டது’ என்ற தாள் போய்விடலாம். அதனால் வேலை முடிந்ததாக நீட்டப்படும் பாரத்தில் அன்றே கையெழுத்திடாமல் இருப்பது நல்லது. குளியலறை வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி ஒரு முழு நாள் விட்டால் ஒழுக்கு நின்றதா என்று கீழே சீலிங் சொல்லிவிடும். ஓடுகளை ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். பழுது அப்படியே இருந்தால், அதையும் தேதி, படத்துடன் இருவருக்கும் எழுதி அனுப்ப வேண்டும்.

எல்லாக் குறையும் இதில் அடங்காது என்பதையும் சொல்ல வேண்டும். மோசமான வேலை, மட்டமான பொருள், ஒப்பந்த வரைபடத்துக்கு மாறான கட்டுமானம் ஆகியவற்றால் வந்த பழுதுதான் கணக்கில் வரும். சாவி வாங்கிய மாதமே சமையலறைச் சுவரை இடித்து நீட்டிக் கட்டிவிட்டு, அங்கே விரிசல் என்றால், அது உங்கள் ஆள் செய்த வேலை என்று மேம்பாட்டாளர் கைகழுவ இடம் கிடைத்துவிடும். நம்மவர் வீடுகளில் இது சாதாரணம். கிரகப்பிரவேசத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரம். இடிப்பதற்கு முன் வீட்டை முழுக்கப் படம் பிடித்து, பழுதுப் பட்டியலை அனுப்பிவிட்டால் அந்தச் சாக்கு பலவீனமாகும். இன்னொருவரிடமிருந்து வாங்கிய பழைய வீட்டுக்கு இந்த 5 விழுக்காட்டு ஏற்பாடு கிடையாது.

வைப்புத் தொகையைவிடச் செலவு அதிகமானாலோ, பணம் முன்பே போய்விட்டாலோ, அமைச்சின் கீழ் இயங்கும் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 10 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கேயும் முதலில் கேட்கப்படுவது கடிதங்களும் ரசீதுகளும்தான். பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன குடும்பத்துக்கு அந்தக் கடைசி எல்லை 2028 மார்ச் தொடக்கம்.