பெட்டி நிரம்பாத வாரத்தில்தான் பிராண்டுக்குச் சோதனை

புதிதாக 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்க மத்திய அரசு 2020-ல் தொடங்கிய திட்டம், 2025 பிப்ரவரியில் இலக்கைத் தொட்டது. நிறுவனம் பதிவு செய்தாயிற்று, அடுத்து என்ன பெயரில், யாருக்கு விற்பது என்பதே இப்போது பல ஊர்களில் உள்ள கேள்வி. அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் போன்ற தாம்பரம் பகுதி வீடுகளுக்கு மாதச் சந்தா வாங்கி, வாராவாரம் இயற்கை காய்கறிப் பெட்டி அனுப்பலாம் என்ற யோசனை காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட விவசாயிகளுக்கு வருவது இயல்பு. ஆனால் பிராண்டு என்றதும் பலர் பெயரும் அட்டைப்பெட்டியின் நிறமும்தான் என்று நினைக்கிறார்கள்.

சந்தாக்காரர் காயைப் பார்த்து வாங்குவதில்லை, முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார். ஆகவே பெட்டியின் மேல் உள்ள 'இயற்கை' என்ற சொல்லுக்குத்தான் அவர் விலை கொடுக்கிறார். அந்தச் சொல் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் சோதனைக்கு உள்ளாகும். வயலில் தண்ணீர் நின்று வெண்டை, கத்தரி குறையும்போது, கோயம்பேட்டிலிருந்து இரண்டு மூட்டை வாங்கிக் கலந்துவிடலாம் என்ற எண்ணம் எழும். ஒரே ஒரு வாரம் அப்படிச் செய்தாலும், அது வெளியே தெரிந்த நாளில் மற்ற எல்லா வாரமும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ரிவர்ஃபோர்டு பண்ணை 1993-ல் வீடுகளுக்குப் பெட்டி அனுப்பத் தொடங்கியது. தேவை பெருகி, சொந்த வயல் போதாமல் போனபோது, அக்கம்பக்கத்து இயற்கை விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பும் அதற்குக் காய் விளைவித்துக் கொடுத்தது. நமக்கும் இதுவே வழி. குறைவை நிரப்பும் விவசாயிகளை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். அவர்களும் சான்று பெற்றவர்களாக இருக்க வேண்டும். அதற்கும் மேல் குறைந்தால் பெட்டியில் அந்தக் காயை விட்டுவிட்டு, "மழையால் இந்த வாரம் வெண்டை இல்லை, பதிலாகக் கீரை வைத்திருக்கிறோம்" என்று ஒரு சீட்டு வையுங்கள்.

குறைவே வராமல் பார்ப்பதற்கு விதைப்புக் கணக்கு உதவும். 100 வீட்டுக்கு வாரம் அரை கிலோ வெண்டை என்றால் 50 கிலோ தேவை. இயற்கை முறையில் ஏக்கருக்கு 3 டன் என்று அடக்கமாகவே வைப்போம். விதைத்த 45-ஆம் நாள் முதல் சுமார் 8 வாரம் காய் பறிக்கலாம் என்றால், சராசரியாக வாரத்துக்கு ஏக்கருக்கு 375 கிலோ, அதாவது 10 சென்டுக்கு சுமார் 37 கிலோ கிடைக்கும். ஒரே நாளில் எல்லாம் விதைத்தால் நடுவில் குவியும், கடைசியில் வற்றும். எனவே 4 வாரத்துக்கு ஒருமுறை 10 சென்ட் விதையுங்கள். எப்போதும் இரண்டு பாத்தி காய்ப்பில் இருக்கும், வாரம் சுமார் 75 கிலோ வரும். மிச்சம் 25 கிலோதான் உங்கள் காப்பு. நல்ல வாரங்களில் அது உழவர் சந்தைக்குப் போகட்டும்.

இதே கணக்கு கலப்படத்தையும் காட்டிக்கொடுக்கும். 20 சென்ட் வெண்டை காய்ப்பில் உள்ள ஒருவர், உச்சக் காய்ப்பில் 100 கிலோவுக்குச் சற்று மேல் தரலாம். ஒரே வாரத்தில் 200 கிலோ கொண்டுவந்தால், அவருடைய வயலை அன்றே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு உறுப்பினரின் பரப்பு, விதைத்த தேதி, கொண்டுவந்த எடை மூன்றையும் ஒரே பதிவேட்டில் எழுதினால் போதும்.

சான்று விஷயத்தில், உள்நாட்டு விற்பனைக்கு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் ஆய்வு செய்யும் பி.ஜி.எஸ். முறை செலவு குறைந்தது. குறைந்தது 5 பேர் வேண்டும். மாற்றக் காலத்தில் உள்ளவர்களுக்குத் தனிச் சின்னம் உண்டு. அவர்கள் காயை முழு அங்ககக் காய் என்று விற்கக்கூடாது. சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாக விற்பதற்கு 2017-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் சான்று விலக்கு இருக்கிறது. ஆனால் விலக்கில் இருப்பவர் 'ஜைவிக் பாரத்' சின்னத்தைப் பெட்டியில் அச்சிட முடியாது. சந்தாக்காரர் கூடக் கூட விற்றுமுதலும் கூடும் என்பதால், இந்த விலக்கையே நம்பி இருக்க வேண்டாம்.

பெயரைக் கடைசியில் யோசித்தால் போதும். 'இயற்கை காய்கறி' போலப் பொருளை மட்டும் சொல்லும் பெயரையும், வெறும் ஊர்ப் பெயரையும் வணிகச் சின்னமாகப் பதிவது கடினம், 1999-ஆம் ஆண்டு சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தனித்துத் தெரியும் ஒரு பெயரைத் தேர்ந்து, புதிய காய்கறிகளுக்கான 31-ஆம் வகுப்பில் நிறுவனத்தின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள், தலைவரின் பெயரில் வேண்டாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதற்குள் பெட்டிச் சீட்டில் விவசாயியின் பெயர், ஊர், பறித்த தேதி மூன்றையும் எழுதத் தொடங்குங்கள். பெட்டியில் புழு இருந்தாலும் காய் வாடியிருந்தாலும், எந்த வயலிலிருந்து வந்தது என்று அந்தச் சீட்டே சொல்லும்.