பொட்டி புராணம் – 9: ஃபேன் சுத்துது, திரை கறுப்பு

ப்ராசசர் மாத்துனதும் ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, மானிட்டர் மட்டும் கறுப்பா நிக்குதுன்னா உடனே "போர்டு போச்சு"ன்னு ஒப்பாரி வைக்காதீங்க மக்கா. கூலரைக் கழட்டறதுக்கு முன்னாடியே, ராம் குச்சியை வெச்சு பாதி துப்பறிஞ்சுடலாம்.

போன வாரம் நம்ம அறைத்தோழன் ஐ3-12100-ஐ எடுத்துட்டு, செகண்ட் ஹேண்டுல வாங்குன ஐ5-12400-ஐ மாட்டினான். ரெண்டும் ஒரே தலைமுறை, அதனால பயாஸ் மேல சந்தேகமில்ல. எஃப் வகையும் இல்ல, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு. ஆனா படம் வரல. போர்டுல டிராம்னு போட்டிருக்கற குட்டி விளக்கு அணையவே மாட்டேங்குது. பயலுக்கு தீசிஸ் கெடு பத்தே நாள். புது போர்டு வாங்கணும்னா தனிச் செலவு.

ஒரே ஒரு ராமை ஏ2-ல போட்டோம்: கறுப்பு. அதையே பி2-ல போட்டோம்: படம் வந்துடுச்சு! அப்போ ராம் நல்லாத்தான் இருக்கு. ராமோட பேசற பகுதி ப்ராசசருக்குள்ளதான் இருக்கு. சாக்கெட்டுல இருக்கற 1700 பின்கள்ல ஏ சேனலுக்குன்னு ஒரு கூட்டம், பி-க்குன்னு ஒரு கூட்டம். இப்ப ஏ கூட்டத்துல யாரோ தொடாம நிக்கறாங்க.

பின் வளைஞ்சிருக்கலாம். இல்லன்னா கூலரை ஒரு பக்கமா இறுக்கினதுல ப்ராசசர் துளி சாஞ்சிருக்கலாம். ரெண்டாவதை சோதிக்கறது சுலபம். கரண்டை நிறுத்திட்டு நாலு திருகையும் அரைச் சுத்து தளர்த்தி, ஒரு தடவை போட்டுப் பாருங்க. படம் வந்தா குற்றவாளி கூலர்தான். மறுபடி குறுக்கு மூலைகளா மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். கூலர் ப்ராசசரைத் தொடவே இல்லன்னா கதை வேற: படம் வரும், கொஞ்ச நேரத்துல சூடேறி தானா அணைஞ்சுடும்.

நமக்குத் தளர்த்தியும் வரல. கூலரை எடுத்து, ப்ராசசரை நேரா மேல தூக்கிட்டு, மொபைல் டார்ச்சை சாய்வா அடிச்சோம். பின் நுனிகள் நாத்து நட்ட மாதிரி வரிசையா மின்னும். அதுல ரெண்டு மட்டும் வரிசை தப்பி, பக்கத்துப் பின் மேல சாஞ்சு கிடந்துச்சு. கேமராவை ஜூம் பண்ணிப் பாத்துக்கிட்டே, தையல் ஊசியால எதிர்த் திசையில மெதுவா தள்ளினோம். மேல இழுக்கக் கூடாது, பின்னு மறுபடி மறுபடி வளைஞ்சா ஒடிஞ்சுடும். ரெண்டு ராமும் இப்ப தெரியுது.

ஒடிஞ்சிருந்தா? ஏ-யை விட்டுட்டு, பி1, பி2-லயே ரெண்டு ராமையும் போட்டு ஓட்டிப் பாக்கலாம். வேகம் குறையும், தீசிஸ் முடியும். வளைஞ்ச பின்னுக்கு வாரண்டி பொதுவா கிடைக்காது. அதனால அடுத்த தடவை ப்ராசசரை ரெண்டு ஓரத்துல பிடிச்சு, முக்கோணக் குறி பாத்து, நேரா இறக்கி வைங்க. தேய்ச்சு நகர்த்தினா பின் சாயும்.

அடுத்த பதிவுல தெர்மல் பேஸ்ட் பஞ்சாயத்து.