மாலையில் கோத்த மணிகளா மொழியொலிகள்?

பேச்சொலிகளைப் பற்றிக் கற்பிக்கப்படும் போதெல்லாம் ஓர் உவமை திரும்பத் திரும்ப வருகின்றது. ஒலிகள் மணிகளாம், சொல் என்பது அம்மணிகளைக் கோத்த மாலையாம். ககரத்துக்கு ஒரு வாய்ப்படம், டகரத்துக்கு ஒரு வாய்ப்படம், தகரத்துக்கு ஒரு வாய்ப்படம் எனக் கரும்பலகையில் வரையப்படுகின்றன. 'ட் எங்கே பிறக்கின்றது?' என்ற வினாவுக்கு, 'நுனிநா வளைந்து அண்ணத்தைத் தொடுமிடத்தில்' என்று எழுதிய மாணவன் முழுப்புள்ளியும் பெறுகின்றான். அவ்விடை தவறன்று; ஆனால் பாதி விடை. மறுபாதியைப் பற்றி வினவப்படுவதுமில்லை, கற்பிக்கப்படுவதுமில்லை.

மாலைக் கொள்கையைத் தொடக்கநிலை மாணவருக்கான எளிமைப்படுத்தல் என்று மன்னித்துவிடலாமே எனச் சிலர் கூறுவர். அவ்வாறு மன்னிக்க இயலாது. அந்த அடித்தளத்தின் மீது வேறு இரண்டு தவறுகள் எழுப்பப்பட்டுள்ளன. பேச்சுத் தமிழில் ஓர் ஒலி அயலொலியின் சாயலைப் பெறும்போது அது நாவின் சோம்பல் என்று பழிக்கப்படுகின்றது. அது சோம்பலன்று, இயல்பே என்று ஒருவர் காட்டிவிட்டாலோ, 'இதனைத் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார்' என்ற குரல் எழுகின்றது. முன்னது மக்கள் பேச்சுக்கு இழைக்கப்படும் அநீதி. பின்னது தொல்காப்பியருக்கு இழைக்கப்படும் அநீதி.

கண்ணாடியின் முன் நின்று 'சீடன்' என்ற சொல்லையும் 'சூடு' என்ற சொல்லையும் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பவர் முதலில் ஒன்றைக் காண்பார். 'சூடு' என்பதில் சகரத்தின் சீறல் கேட்கும்போதே இதழ்கள் குவிந்து விடுகின்றன. ஊகாரம் இன்னும் செவிக்கு வரவில்லை; ஆனால் வாயில் அது வந்து நிற்கின்றது. சகரம் முடிந்த பின்னரே ஊகாரம் தொடங்குகின்றது என்பது மாலைக் கொள்கை. வாய் அவ்வாறு நடப்பதில்லை. ஓர் உறுப்பு ஓர் ஒலியை முடிக்கும் முன்பே மற்றோர் உறுப்பு அடுத்த ஒலிக்குப் புறப்பட்டு விடுகின்றது. மென்சறாத், டி லசேர்டா என்னும் இரு ஆய்வாளர் 1933 இல் வெளியிட்ட ஜெர்மன் நூலொன்றில் இந்நிகழ்வுக்கு இட்ட பெயரையே தமிழில் உடனொலிப்பு எனலாம்.

'இது சிறு சாயம் பூசுதல் மட்டுமே. சகரம் சகரமாகத்தானே இருக்கின்றது?' என்று மாலைக் கொள்கையினர் வினவுவர். இவ்வினாவுக்கு விடை எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதி ஆண்டுகளில், கண்பார்வை இழந்தோருக்கு அச்செழுத்தை வாசித்துக் காட்டும் பொறியொன்றை அமைக்க அமெரிக்காவின் ஹஸ்கின்ஸ் ஆய்வுகூடத்தார் முயன்றனர். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலியை வகுத்து, அவற்றை வரிசையாக ஒலிக்கச் செய்வதே திட்டம். மாலைக் கொள்கை மெய்யாயின் இத்திட்டம் வென்றிருக்க வேண்டும். அது தோற்றது. மனிதப் பேச்சில் ஒரு செக்கனில் பத்து, பதினைந்து ஒலிகள் தடையின்றி விளங்குகின்றன. தனித்தனி ஒலிகளை அதே வேகத்தில் ஒலித்தால் செவி அவற்றைப் பிரித்தறியாது. வெறும் இரைச்சலாகவே கேட்கின்றது.

தோல்வியின் காரணத்தைத் தேடிய லிபர்மன், டெலாத்ர், கூப்பர் ஆகியோர் 1950களில் கண்டதே இப்பொருளின் உயிர்நாடி. அதனை விளங்கிக்கொள்ள ஒரு சொல் வேண்டும். வாயறையின் வடிவம் மாறும்போது குரலின் வெவ்வேறு மீடிறன்கள் வலுப்பெறுகின்றன. இவ்வலுப்பேறுகளைப் பரிவுகள் என்போம். கீழிருந்து முதலாம் பரிவு, இரண்டாம் பரிவு, மூன்றாம் பரிவு என எண்ணுவது மரபு. ஆங்கில 'டி' என்னும் அசைக்கு வேண்டிய இரண்டாம் பரிவை ஆய்வாளர் செயற்கையாக வரைந்து ஒலிப்பித்தபோது அது ஏறத்தாழ 2200 ஹேர்ட்ஸில் தொடங்கி 2600 வரை ஏறியது. 'டு' என்னும் அசைக்கோ அது 1200 இல் தொடங்கி 700 வரை இறங்கியது. செவி இரண்டிலும் ஒரே மெய்யைக் கேட்கின்றது; கருவியிலோ ஒன்று ஏறுகின்றது, மற்றொன்று இறங்குகின்றது. அத்துண்டுகளைத் தனியே வெட்டிக் கேட்டால் மெய்யே கேட்பதில்லை. ஒன்று ஏறும் சீழ்க்கை போலவும் மற்றொன்று இறங்கும் சீழ்க்கை போலவும் கேட்கின்றன. இரண்டுக்கும் பொதுவான 'ட்' என்ற துண்டு நாடாவின் எப்பகுதியிலும் இல்லை. சாயம் பூசப்படாத சகரத்தையும் டகரத்தையும் தேடுவோர் எங்கே போய்த் தேடுவர்?

தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இதனினும் கூர்மையானது. 'காட்டு', 'காற்று' என்ற இரு சொற்களும் யாழ்ப்பாணப் பேச்சில் மயக்கமின்றி வேறுபடுகின்றன. அங்கு இரட்டை றகரம் நுனிநா அண்பல்லை ஒட்டித் தடுக்கும் தெளிவான வெடிப்பொலி. ஆகவே இவ்விரு சொற்களும் தடையின் இடம் ஒன்றிலேயே வேறுபடுவன. இப்போது அத்தடையின் நடுவில் செவிக்கு என்ன கிடைக்கின்றது என்று பார்க்க வேண்டும். நா வழியை அடைத்திருக்கின்றது, குரல்வளையும் அதிரவில்லை. கிடைப்பது மௌனம். மௌனத்துக்குப் பிறப்பிடம் ஏது? 'ட்ட்' என்ற மௌனமும் 'ற்ற்' என்ற மௌனமும் ஒன்றே.

வேறுபாடு முன்னின்ற ஆகாரத்திலேயே இருக்கின்றது. டகரத்துக்காக நா வளையத் தொடங்குவது ஆகாரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே. நுனி மேலெழுந்து பின்வளையும்போது நாவின் அடியில் ஒரு சிற்றறை உண்டாகி, வாயின் முன்னறையோடு சேர்கின்றது. மூன்றாம் பரிவு தாழ்கின்றது. ஆடவர் குரலொன்றில் 2500 ஹேர்ட்ஸ் அளவில் நின்ற அது, 'காட்டு' என்பதில் ஆகாரம் முடியுமுன் 2000 ஐ நோக்கி இறங்குவதைக் கணினித் திரையில் காணலாம். 'காற்று' என்பதில் அவ்வாறான இறக்கம் இல்லை.

அப்படியாயின் தடை விடுபடும்போது என்ன நிகழ்கின்றது? இங்கேதான் கரும்பலகைப் படம் முற்றாக ஏமாற்றுகின்றது. படத்தில் நா ஓரிடத்தில் ஒட்டி அசையாது நிற்கின்றது. உண்மையில் வளைநா ஒலியில், தடை நீடிக்கும்போதே நுனி முன்னோக்கி நகர்கின்றது. விடுபடும் வேளையில் அது அண்பல்லை அண்மிவிடுகின்றது. ஆகவே டகரம் வளைநாவாகப் புகுந்து, ஏறத்தாழ றகரம் போல வெளியேறுகின்றது. அதன் அடையாளம் பின்வரும் உயிரைவிட முன்னின்ற உயிரிலேயே மிகுதி. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியாகிய மேற்கு அரன்டாவில் இத்தகைய இரு ஒலிகளை விக்டோரியா அண்டர்சன் 1997 இல் ஆராய்ந்தபோதும், முன்னுயிரை நீக்கினால் அம்மொழியினரே அவற்றை மயங்கக் கேட்பதைக் கண்டார்.

இனித் தமிழ்ச்சொல் ஏன் டகரத்தில் தொடங்குவதில்லை என்ற பழைய வினாவை எடுக்கலாம். சொல்லின் முதலில் நிற்கும் டகரத்துக்கு முன்னுயிர் இல்லை. தன் அடையாளத்தின் பெரும்பகுதியை வைக்க அதற்கு இடமே இல்லை. ணகரம், ளகரம், ழகரம் ஆகியனவும் அவ்வாறே சொன்முதலில் வாரா. மேனாட்டு மொழியியலாளருள் டொன்கா ஸ்டெரியாடே இவ்விளக்கத்தை விரிவாக நிறுவியவர். இது இரும்பு விதியன்று. இந்தியில் வளைநா ஒலி சொன்முதலில் வருகின்றது. ஆயினும் லாடிஃபோகட், பாஸ்கரராவ் ஆகியோர் 1983 இல் வெளியிட்ட எக்ஸ்கதிர்ப் படங்களில், தமிழிலும் தெலுங்கிலும் நாவின் அடிப்புறமே அண்ணத்தைத் தொடுமளவு நா வளைவதும், இந்தியில் அவ்வளவு வளையாமையும் தெரிந்தன. எல்லா 'ட்'டும் ஒரே 'ட்' அல்ல என்பதையாவது இது உணர்த்தும்.

இவ்விடத்தில் தொல்காப்பியரின் புகழ்பாடிகள் குறுக்கிடுவர். டகரம் மொழிமுதலாகாது என்று அவர் விதித்தார். மெய்மயக்கம் பற்றியும் கூறினார். ஆகவே உடனொலிப்பை அறிந்தார் என்பது அவர் வாதம். மெய்மயக்கம் என்பது எந்த மெய்யின் பின் எந்த மெய் நிற்கலாம் என்னும் வரன்முறை. நிற்கும் ஒலிகள் வாயில் ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. மொழிமுதல் விதியும் உண்மையைப் பதிவு செய்கின்றது, காரணத்தைக் கூறவில்லை. கருவியேதுமின்றிச் செவியும் நாவும் கொண்டே அவ்வுண்மையைப் பிழையின்றிப் பதிவு செய்தமை போதாதா? அவர் கூறாததை அவர் வாயில் திணிப்போர், கூறியதன் அருமையை மறைக்கின்றனர்.

எஞ்சுவது சோம்பல் என்ற குற்றச்சாட்டு. 'பிட்டு' என்பதைப் 'புட்டு' என்போர் நாவைச் சரிவர அசைக்கச் சோம்பியவர்கள் எனப்படுகின்றது. சோம்பலே காரணமாயின் இகரம் எங்கும் உகரமாக வேண்டும். 'கிட்ட' என்பதைக் 'குட்ட' என்பார் எவருமில்லை. 'பித்தன்' என்பவனைப் 'புத்தன்' ஆக்குவாரும் இல்லை. முன்னே இதழொலியும் பின்னே வளைநா ஒலியும் இகரத்தை இருபுறமும் நெருக்கும்போதே அது உகரமாகச் சாய்கின்றது. 'கிட்ட' என்பதில் இதழொலி இல்லை. 'பித்தன்' என்பதில் வளைநா ஒலி இல்லை. பகரத்துக்காக மூடிய இதழ்கள் இகரத்தினுள்ளும் முழுமையாக விரிவதில்லை. வளையப் புறப்பட்ட நாவோ இகரத்தின் முன்னிலையிலிருந்து உடலைப் பின்னிழுக்கின்றது. இரண்டுமே மேற்பரிவுகளைத் தாழ்த்துகின்றன. தாழ்ந்த மேற்பரிவு உகரத்துக்குரிய குணம். இவ்வளவு நுட்பமாக இடமறிந்து நிகழ்வது சோம்பல் ஆகுமா?

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைத்தல் கூடாது. இன்று 'புட்டு' என்பவர் வாயில் நிகழ்வது உடனொலிப்பு மட்டுமன்று; அச்சொல்லையே உகரத்துடன் கற்றிருக்கின்றார். பேசுவோரின் வாயில் தோன்றும் சாய்வைக் கேட்போர் செவி வழக்கமாகக் கழித்துவிடுகின்றது. அயலிலுள்ள டகரமே காரணம் என்று கண்டுகொள்கின்றது. என்றோ ஒருநாள் கழிக்கத் தவறி, சாய்வையே சொல்லாக எடுத்துக்கொண்டபோது 'புட்டு' பிறந்தது. ஜோன் ஓஹாலா 1981 முதல் வலியுறுத்திய கருத்து இதுவே: ஒலிமாற்றத்தின் ஊற்று பேசுவோரைவிடக் கேட்போரிடமே உண்டு.

'புட்டு' எனக் கேட்டு முகஞ்சுளிக்கும் பண்டிதர், ஏட்டில் உள்ளவாறே 'பிட்டு' என்று திருத்தமாக வாசிக்கட்டும். அதனைப் பதிவு செய்து திரையில் பார்க்கட்டும். டகரத்தை நெருங்கும் அவருடைய இகரத்திலும் மூன்றாம் பரிவு இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.