வாய்தா தேதியும் வயிற்றில் புளியும்

"எல்லாம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. வழக்கு விவரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைப் பார்ப்பவருக்குப் புரிய வேண்டாமா?

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வழக்கு. கைப்பேசியில் வந்த படத்தைக் காட்டி, "வீடு போயிடுச்சா சார்?" என்று அழுதார் அந்த அம்மாள். படத்தில் இருந்தவை மூன்று வரிகள்தான்: Case Status என்ற இடத்தில் Pending, Case Stage என்ற இடத்தில் Exparte Evidence, அதன் கீழே Next Hearing Date என்று அடுத்த மாதத்துத் தேதி.

வீடு போகவில்லை. Pending என்றால் வழக்கு இன்னும் முடியவில்லை. சம்மன் வந்தும் பிரதிவாதி ஆஜராகாததால் அவரை 'எக்ஸ்பார்ட்டி' ஆக்கிவிட்டார்கள். அடுத்த வாய்தாவில் வாதி தரப்பு சாட்சியம் மட்டும் நடக்கும். அந்த வாய்தாவிலோ அதற்கு முன்போ வக்கீல் மூலம் ஆஜராகி, முன்பு வராததற்குத் தக்க காரணம் காட்டி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9, விதி 7-ன் கீழ் மனுப் போடலாம். நீதிபதி ஏற்றால், செலவுத்தொகை கட்டச் சொல்லியாவது வழக்கில் சேர்த்துக்கொள்வார்.

அதே இடத்தில் Judgment என்று இருந்தால் கதை வேறு. விசாரணை முடிந்து தீர்ப்புக்கு மட்டும் ஒத்திவைத்த பிறகு விதி 7 உதவாது. தீர்ப்பு வந்தபின் விதி 13-ன் கீழ்தான் அதை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அதற்குக் கெடு 30 நாள். சம்மன் முறைப்படி சேராதவருக்கு, தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

ஆகவே ஒரு சொல் மாறினால் செய்ய வேண்டிய வேலையே மாறுகிறது. இதை எந்தத் தமிழ்க் குடும்பம் அந்த ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து கண்டுபிடிக்கும்? 'எதிர்த்தரப்பு வராத சாட்சியம். இந்தத் தேதிக்குள் நீங்கள் வரலாம்' என்று தமிழில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன செலவாகும்? அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான் இடைத்தரகர் நுழைகிறார். "கேஸ் முடிஞ்சிடுச்சு, நான் பார்த்துக்கறேன்" என்று பணம் கறக்கிறார்.

படத்தை அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பாதியை வெட்டி அனுப்பாதீர்கள். 16 எழுத்தும் எண்ணும் கொண்ட CNR எண்ணை அனுப்புங்கள். அதைப் போட்டுப் பார்த்தால் Case History என்ற பட்டியல் வரும். அதில் Business on Date என்ற பத்தியில் உள்ள தேதியைத் தொட்டால், அன்று நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று ஓரிரு வரி இருக்கும். நிழற்படத்தைத் தொட்டால் ஒன்றும் திறக்காது.

அந்த அம்மாளிடம் நான் சொன்னது இதுதான்: "அழறதுக்கு இது நேரமில்லைம்மா. வாய்தாவுக்கு முன்னாடி வக்காலத்து போடுங்க."