மொட்டை மாடி மழை சம்புக்கு வரட்டும்: உங்க அசோசியேஷன் முதலில் எடுக்க வேண்டிய வேலை இதுதான்!

ஏப்ரல் வந்தால் சென்னை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான்: 'தண்ணி லாரி எப்போ வரும்?' நவம்பரில் அதே குரூப்பில், 'பார்க்கிங்ல தண்ணி நிக்குது' என்று போட்டோ வரும். புது கேமரா, ஜிம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். அசோசியேஷன் இந்த வருஷம் ஒரே ஒரு வேலையைக் கையில் எடுப்பதாக இருந்தால், மொட்டை மாடி மழையைச் சம்புக்குத் திருப்பும் வேலையை எடுக்கட்டும் என்பேன்.

'நம்ம பில்டிங்லதான் மழைநீர் சேகரிப்பு இருக்கே?'

இருக்கும். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாகிவிட்டது. ஆனால் பல இடங்களில் மாடிக் குழாய்கள் போய்ச் சேர்வது, சேறு அடைத்துப்போன ஒரு ஜல்லிக் குழியில். அங்கிருந்து தண்ணீர் வழிந்து ரோட்டுக்குப் போகிறது. உங்கள் பில்டிங்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, மாடியில் ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அது கீழே எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

கணக்கு ரொம்ப எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 20 வீடுகள் உள்ள ஒரு பில்டிங்கின் மாடி 5,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 465 சதுர மீட்டர். ஒரு இரவில் 30 மி.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 14,000 லிட்டர். சிதறுவது, ஆவியாவது, முதலில் வெளியே விடுவது எல்லாம் போக 11,000 லிட்டர் மிஞ்சும். ஒரு வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் அந்த 20 வீடுகளின் ஒரு நாள் தேவை 10,800 லிட்டர். ஆக, ஒரு ராத்திரி மழை ஒரு முழு நாளுக்குத் தாங்கும்.

இதனால் ஏப்ரல் லாரி அடியோடு நின்றுவிடாது. சம்பு நிறைந்த பிறகு பெய்யும் மழையை அதில் சேமிக்க முடியாது. அதனால்தான் சம்பு வழியும் குழாயை ஒரு உறை கிணற்றுக்குக் கொடுக்க வேண்டும். மழை நாட்களில் போர் மோட்டாருக்கும் ஓய்வு கிடைக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

சம்புக்குப் பக்கத்தில் இறங்கும் குழாய்களை மட்டும் முதலில் இணைத்தால் செலவு குறையும். குழாயின் அடியில் ஒரு வால்வு வையுங்கள். சீசனின் முதல் இரண்டு மழையை முழுதாக வெளியே விட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு மழையிலும் முதல் 10, 15 நிமிடம் வெளியே விட்டால் தூசியும் பறவை எச்சமும் போய்விடும். அடுத்து ஃபில்டர் தொட்டி: அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, கரி, பருமணல், எல்லாவற்றுக்கும் மேல் வலை. மணலுக்கு மேல் தண்ணீர் இறங்காமல் நின்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மேல் மணலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போட வேண்டும்.

எங்கே சொதப்பும்?

மூன்று இடங்களில். ஒன்று, வால்வைத் திறந்து மூடுவது யார் என்று முடிவு செய்யாமல் விடுவது. வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுத்து, வால்வு பக்கத்திலேயே எழுதி மாட்டுங்கள். இரண்டு, மாடியில் சோப்புப் போட்டுத் துணி துவைப்பது, நாயைக் குளிப்பாட்டுவது. வடாம் காயவைத்தால் பிரச்சினை இல்லை. சோப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. மூன்றாவதுதான் ஆபத்தானது: சம்பு வழியும் குழாய் தாழ்வாக இருந்தால், வெள்ளம் வரும்போது ரோட்டுச் சாக்கடை அதே வழியாகச் சம்புக்குள் திரும்பி வரும். அந்தக் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். எப்படியும் இந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க, கழிவறைக்கு மட்டும்தான். குடிக்க வேண்டாம்.

காசு யார் கொடுப்பது?

சண்டை வருவது இங்கேதான். லாரித் தண்ணீர் செலவு மாத மெயின்டனன்ஸில் சேர்கிறது. அதைப் பல வீடுகளில் கட்டுவது வாடகைக்கு இருப்பவர். குழாய், ஃபில்டர் செலவு ஓனருடையது. மீட்டிங்கில் கை தூக்குபவரும் அவரே. தன் பையிலிருந்து போகாத லாரிக் காசுக்காக அவர் ஏன் அவசரப்படப் போகிறார்? அதனால் வாடகைக்கு இருப்பவர்களையும் அந்த மீட்டிங்கில் உட்கார வைக்க வேண்டும். போன வருஷ லாரி பில்களைக் கூட்டி, பிளம்பர் கொடுத்த எஸ்டிமேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆகவே மீட்டிங் ஆகஸ்டில், பிளம்பர் வேலை செப்டம்பரில் முடிந்தாக வேண்டும்.