"2 நாள்" என்றால் எந்த 2 நாள்?

என் தங்கை மகன் புதுவையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். சரக்கு குஜராத் மோர்பியிலிருந்து லாரியில் வரும். ஒரு திங்கட்கிழமை மாலை, லாரி புக்கிங் ஆபீஸ் தம்பி அனுப்பிய செய்தியைக் காட்டினான்: "வண்டி பிரேக்டவுன். ஹூப்ளி. ஆக்ஸில் கட். மாத்து வண்டி புதன். 2 நாள்."

"மாமா, இதை அப்படியே கஸ்டமருக்கு அனுப்பிடலாமா?" என்றான். வேண்டாம் என்றேன்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 'தெலே' என்றால் ஒரு வேலைக்கு ஆகும் கால அளவு. 'ரெத்தார்' என்றால் தாமதம். அந்தத் தம்பி எழுதிய 2 நாள் இதில் எது? போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். மாற்று வண்டி ஹூப்ளியிலிருந்து வந்து சேரும் பயணம்தான் 2 நாளாம். புதனன்று பெட்டிகளை மாற்றி ஏற்றி, ஈ-வே பில்லில் புது வண்டி எண்ணைப் பதிந்து, வியாழன் காலை கிளம்பும். சனிக்கிழமை கிடங்குக்கு வரும். உடைசல் பார்த்துப் பிரிக்க அன்றைய பொழுது சரியாகிவிடும். ஞாயிறு ஆள் கிடையாது. ஆக, வீட்டுக்குப் போவது திங்கள்.

புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த சரக்கு அது. "2 நாள் தாமதம்" என்று போயிருந்தால், அவர் வெள்ளிக்கிழமை என்று கணக்குப் போட்டுக் கொத்தனாரை வரச்சொல்லி, வீண் கூலி கொடுத்திருப்பார்.

தம்பி மேல் குற்றமில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு அவர் எழுதியது போதும். அதை வாடிக்கையாளருக்குப் புரியும்படி மாற்றுவது கடைக்காரர் வேலை. நாங்கள் அனுப்பியது இது:

"ஐயா, புதன்கிழமை தருவதாகச் சொன்ன தங்கள் 42 பெட்டி டைல்ஸ் அன்று வராது. மன்னிக்கவும். அடுத்த திங்கள் காலை 11 மணிக்குள் வீட்டில் சேர்க்கத் திட்டம். கொத்தனாரைச் செவ்வாய்க்கு முன் வரச்சொல்ல வேண்டாம். லாரி ஹூப்ளி அருகே பழுதானதால் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுகிறார்கள். உடைசல் உண்டா என்பது இங்கே இறக்கிய பிறகே தெரியும். இருந்தால் மாற்றித் தருவோம். வண்டி எங்கே வருகிறது என்று வெள்ளி மாலை 5 மணிக்குத் தெரிவிக்கிறோம்."

முதலில் எது வராது, அடுத்து எப்போது வரும், அதுவரை அவர் என்ன செய்ய வேண்டும். காரணம் அதற்குப் பிறகு ஒரே வரி. ஆக்ஸில் கதை அவருக்கு எதற்கு? கடைசியில் அடுத்த தகவல் வரும் நேரம். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான். அது இல்லாவிட்டால் அவர் தினமும் போன் செய்வார்.

வெள்ளி மாலை, வண்டி கிருஷ்ணகிரி தாண்டிவிட்டது என்று மருமகன் சொன்னபடி தெரிவித்தான். இறக்கும்போது 2 பெட்டி உடைந்திருந்தது. முன்பே எழுதியிருந்ததால் அவர் கோபப்படவில்லை. "மீதி 40-ஐ வைத்து வேலையைத் தொடங்கிடறேன்" என்றார்.